மறுக்கப்பட்ட மருத்துவக் காப்பீட்டு கிளைம்: பாலிசியின் விலக்குகளை ஒரே பக்கத்தில் சுருக்குவது எப்படி

கிளைம் மறுக்கப்பட்டவர் கையில் பொதுவாக இரண்டு தாள்கட்டுகள் இருக்கும். ஒன்று, நாற்பது ஐம்பது பக்கப் பாலிசிப் புத்தகம். இன்னொன்று, ஒன்றரைப் பக்க மறுப்புக் கடிதம். பெரும்பாலானவர்கள் முதல் பக்கத்திலிருந்து பாலிசியைப் படிக்கத் தொடங்கி, பத்தாவது பக்கத்தில் களைத்துப்போய் முகவருக்கு போன் செய்கிறார்கள். வரிசையை மாற்றிக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். கடிதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இன்னின்னவற்றுக்குப் பணம் தரமாட்டோம் என்று பாலிசியில் சொல்லும் முப்பது விலக்குகளில் உங்கள் விஷயத்தில் பேசப்படுபவை ஒன்றோ இரண்டோதான். அவை எவை என்பதைக் கடிதம் சொல்லிவிடும். மற்றவற்றை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

இதற்குச் சட்ட ஆதரவும் உண்டு. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024 மே மாதம் வெளியிட்ட மருத்துவக் காப்பீட்டுச் சுற்றறிக்கையின்படி, கிளைமை முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கும் நிறுவனம், பாலிசியின் எந்த விதியின் கீழ் மறுக்கிறது என்பதைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் கிளைம் மறுபரிசீலனைக் குழு ஒப்புதல் தராமல் மறுக்கவும் கூடாது. கடிதத்தில் சொன்ன காரணத்தைத் தாண்டிப் பிறகு புதிதாக ஒரு காரணத்தை நிறுவனம் எடுத்துவர முடியாது என்று, சௌராஷ்டிரா கெமிக்கல்ஸ் நிறுவனம் நேஷனல் இன்சூரன்ஸ் மீது நடத்திய வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே நீங்கள் பதில் சொல்ல வேண்டியது அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு மட்டுமே.

விளக்கத்துக்காக ஒரு கிளைமை முழுதாகப் பிரித்துப் பார்ப்போம். அதிகம் காணப்படும் வகையிலேயே அதை அமைத்திருக்கிறேன்.

ஈரோட்டில் சிறிய அச்சகம் வைத்திருக்கும் 52 வயதுக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். 2021 நவம்பர் 18 அன்று ஐந்து லட்ச ரூபாய்க்கு மருத்துவப் பாலிசி எடுத்தார். இடைவெளி இல்லாமல் புதுப்பித்து வருகிறார். 2025 மார்ச் 3 இரவு நெஞ்சு வலி. மருத்துவமனையில் ஆஞ்சியோபிளாஸ்டி செய்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். பில் 2,84,600 ரூபாய். பணத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்து கிளைம் அனுப்பினார். வந்த பதிலின் சாரம் இது: டிஸ்சார்ஜ் சம்மரியின்படி நோயாளிக்கு ஐந்து ஆண்டுகளாக ரத்த அழுத்தம் இருக்கிறது, அது பாலிசிக்கு முந்தையது, பாலிசி எடுக்கும்போது தந்த முன்மொழிவுப் படிவத்தில் அதைத் தெரிவிக்கவில்லை, எனவே முன்பே இருந்த நோய் பற்றிய Excl01 விலக்கின்படியும், உண்மைகளைத் தெரிவிக்கும் கடமை பற்றிய பொது நிபந்தனையின்படியும் கிளைம் மறுக்கப்படுகிறது.

முதல் படி: தாள்களைச் சேர்ப்பது

படிப்பதற்கு முன் தாள்கள் வேண்டும். மறுப்புக் கடிதம், பாலிசி ஷெட்யூல், முழு விதிமுறைப் புத்தகம், முன்மொழிவுப் படிவத்தின் நகல், டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவமனையின் முழு கேஸ் ஷீட் ஆகிய ஆறும் கையில் இருக்க வேண்டும்.

கடைசி இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். டிஸ்சார்ஜ் சம்மரி என்பது வீட்டுக்கு அனுப்பும்போது தட்டச்சு செய்து தரும் மூன்று நான்கு பக்கச் சுருக்கம். கேஸ் ஷீட் என்பது அவசரப் பிரிவில் படுக்கவைத்த நிமிடம் முதல் மருத்துவர்களும் செவிலியர்களும் கையால் எழுதிய மூலம். பதிவேடுகளைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் இருக்கிறது. வாய்ச்சொல்லாகக் கேட்டால் "நாளைக்கு வாருங்கள்" என்பார்கள். எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

முன்மொழிவுப் படிவம் பலரிடம் இருக்காது. முகவரே நிரப்பி, நாம் கையெழுத்து மட்டும் போட்ட தாள் அது. இல்லையென்றால் கணினியில் டிக் செய்து ஓ.டி.பி. சொன்ன படிவம். நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பி நகல் கேளுங்கள். உண்மையை மறைத்ததாக ஒருவர் மேல் குற்றம் சாட்டினால், அவர் என்ன எழுதினார் என்பதைக் காட்டாமல் அந்த வாதம் நிற்காது.

இரண்டாம் படி: விதியை உடைப்பது

Excl01 என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்துத் தந்த பொது வாசகம். எந்த நிறுவனத்தின் பாலிசியை எடுத்தாலும் ஏறத்தாழ இதே சொற்கள்தான். விதிமுறைப் புத்தகத்தின் பி.டி.எஃப். கோப்பில் அந்தக் குறியீட்டைத் தேடினால் நேராக அந்தப் பக்கத்துக்குப் போய்விடலாம். அதில் நான்கு உட்பிரிவுகள் இருக்கும். ஒவ்வொன்றையும் பேச்சு வழக்கில் ஒரு கேள்வியாக மாற்றி எழுதுங்கள். சுருக்குவது என்றால் சொற்களைக் குறைப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே சுருக்குவது என்பது விதியை 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளாக ஆக்குவது.

முதல் உட்பிரிவு: முன்பே இருந்த நோய்க்கும் அதன் நேரடிச் சிக்கல்களுக்கும் ஆகும் செலவு, முதல் பாலிசி தொடங்கிய நாளிலிருந்து இத்தனை மாதம் தொடர்ந்து காப்பீடு ஓடும்வரை கிடையாது. நம் அச்சகக்காரரின் பாலிசியில் இந்தக் காத்திருப்புக் காலம் 36 மாதம். கேள்வி: சேர்க்கப்பட்ட நாளில் 36 மாதம் முடிந்துவிட்டதா? 2024 நவம்பரில் முடிந்துவிட்டது. 2025 மார்ச்சில் 39 மாதம் கடந்திருக்கிறது.

இரண்டாவது: இடையில் காப்பீட்டுத் தொகையைக் கூட்டியிருந்தால், கூட்டிய பகுதிக்கு மட்டும் காத்திருப்புக் காலம் புதிதாகத் தொடங்கும். இவர் கூட்டவில்லை. மூன்றாவது: வேறு நிறுவனத்திலிருந்து இடைவெளியின்றி மாறி வந்திருந்தால் பழைய காலமும் கணக்கில் சேரும். இவருக்குப் பொருந்தாது.

நான்காவதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். காத்திருப்புக் காலம் முடிந்த பிறகும், அந்த நோய் விண்ணப்பத்தின்போது தெரிவிக்கப்பட்டு நிறுவனம் ஏற்றுக்கொண்டிருந்தால்தான் காப்பீடு உண்டு என்கிறது அது. "மூன்று வருடம் முடிந்துவிட்டது, இனி எதற்கும் பணம் தருவார்கள்" என்று நம்பியிருப்பவர்களுக்கு இந்த ஒரு வரி கண்ணில் படுவதே இல்லை. அச்சகக்காரர் "36 மாதம் முடிந்துவிட்டது" என்று மட்டும் பதில் எழுதினால், நிறுவனம் இந்த நான்காவது உட்பிரிவைக் காட்டிக் கதவைச் சாத்திவிடும்.

ஆக, அவருடைய சண்டை காத்திருப்புக் காலத்தைப் பற்றியது அல்ல. பாலிசி எடுத்த நாளில் ரத்த அழுத்தம் இருந்ததா, இல்லையா என்ற ஒரே கேள்விக்கு எல்லாம் வந்து சுருங்கிவிட்டது. அதற்கு விலக்குப் பகுதியில் விடை இல்லை. புத்தகத்தின் முன்பக்கங்களில் உள்ள வரையறைப் பகுதிக்குப் போக வேண்டும்.

மூன்றாம் படி: வரையறையைப் பிடிப்பது

"முன்பே இருந்த நோய்" என்பதற்குப் பாலிசி தரும் பொருள் நம் வீட்டுப் பேச்சில் உள்ள பொருள் அல்ல. பாலிசி தொடங்குவதற்கு முன் குறிப்பிட்ட காலத்துக்குள் மருத்துவர் ஒருவர் அந்த நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும்; அல்லது அதற்கு மருத்துவ ஆலோசனையோ சிகிச்சையோ பரிந்துரைத்திருக்க வேண்டும், இல்லையேல் நோயாளி அதைப் பெற்றிருக்க வேண்டும். பழைய பாலிசிகளில் அந்தக் காலம் 48 மாதம். 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளில் 36 மாதம். உங்கள் புத்தகத்தில் எது அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்.

இந்த வரையறையில் மருத்துவர் என்ற சொல் எவ்வளவு கனமானது என்பதைக் கவனியுங்கள். உடலுக்குள் நோய் மெல்ல வளர்ந்துகொண்டிருந்தது என்பது போதாது. அடிக்கடி தலை சுற்றியது என்பதும் போதாது. ஒரு மருத்துவர் கண்டுபிடித்தார் அல்லது மருந்து எழுதினார் என்பதற்கு ஏதாவது தடயம் வேண்டும். விலக்கு பொருந்துகிறது என்று காட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நெறி. நிறுவனத்திடம் இருக்கும் தடயம் என்ன? டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஐந்து ஆண்டுகளாக' என்ற ஒரு வரி. மருந்துச் சீட்டு இல்லை, பழைய மருத்துவரின் பெயர் இல்லை.

அந்த ஒரு வரி எங்கிருந்து வந்தது? இதற்காகத்தான் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கினோம். நம் எடுத்துக்காட்டில், இரவு பதினொன்றரை மணிக்கு அவசரப் பிரிவில் எழுதிய முதல் பக்கத்தில் ரத்த அழுத்தம் 'இரண்டு ஆண்டுகளாக' என்று இருக்கிறது. நோயாளியே சொன்னது அது. மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேறொரு மருத்துவர் எழுதிய பக்கத்தில் 'ஐந்து ஆண்டுகள், உடனிருப்பவர் கூறியபடி' என்று இருக்கிறது. வாசலில் நின்றிருந்த மனைவியிடம் கேட்டிருக்கிறார்கள். "நாலைந்து வருஷம் இருக்கும்" என்று அவர் பதற்றத்தில் சொல்லியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்தவர் இரண்டாவது பக்கத்தைப் பார்த்து எழுதிவிட்டார். மூன்று லட்ச ரூபாய் கிளைமின் தலையெழுத்து இப்படித்தான் தீர்மானமாகிறது.

நான்காம் படி: காலக்கோடு

ஒரு தாளில் தேதிகளை மேலிருந்து கீழாக எழுதுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அதற்கான தாள் எது என்றும் குறியுங்கள். தாள் இல்லாத தேதியை எழுத வேண்டாம்.

2021 ஆகஸ்ட் 9: வங்கிக் கடனுக்காக எடுத்த உடற்பரிசோதனை, ரத்த அழுத்தம் 128/82. 2021 நவம்பர் 18: பாலிசி தொடக்கம். 2023 பிப்ரவரி 11: குடும்ப மருத்துவர் முதன்முதலாக ரத்த அழுத்த மாத்திரை எழுதிய சீட்டு; அன்றைய மருந்துக்கடை ரசீது. 2025 மார்ச் 3: மருத்துவமனையில் சேர்ப்பு.

நிறுவனத்தின் கூற்றையும் இதே கோட்டில் வைத்துப் பாருங்கள். 2025 மார்ச்சிலிருந்து ஐந்து ஆண்டு பின்னோக்கினால் 2020 மார்ச். அதாவது பாலிசிக்கு இருபது மாதம் முன்பு. அந்த இருபது மாதத்தின் நடுவே சாதாரண அளவு காட்டும் ஒரு பரிசோதனை அறிக்கை உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாள் அளவு எல்லாவற்றையும் முடித்துவிடாது; மாத்திரை சாப்பிடுபவருக்கும் அளவு சரியாகத்தான் இருக்கும் என்று நிறுவனம் சொல்லலாம். அதனால்தான் முதல் மருந்துச் சீட்டு அதைவிட முக்கியமானது. குடும்ப மருத்துவரிடம், தான் முதன்முதலில் நோயைக் கண்டறிந்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு சான்று வாங்குங்கள். சிகிச்சை அளித்த மருத்துவமனையிடம், கேஸ் ஷீட்டின் இரு பக்கங்களும் முரண்படுவதைக் காட்டி விளக்கக் கடிதம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைத் திருத்தி வேறொன்று தரச் சொல்லாதீர்கள். தேதி மாறிய சம்மரியைப் பார்த்ததும் விசாரணை அதிகாரி முதலில் சந்தேகிப்பது உங்களைத்தான். பழையதை அப்படியே வைத்து, அதோடு விளக்கக் கடிதத்தை இணைப்பதே நிற்கும்.

ஐந்தாம் படி: தெரிவிக்கும் கடமை

கடிதத்தின் இரண்டாவது காரணம் இது. இந்த நிபந்தனை விலக்கைவிடக் கடுமையானது. முக்கிய உண்மையை மறைத்தாலோ தவறாகச் சொன்னாலோ பாலிசியே செல்லாது, கட்டிய பிரீமியமும் போய்விடும் என்கிறது. ஆகவே மறுப்புக் கடிதத்தில் பாலிசியை ரத்து செய்வதாக எங்காவது ஒரு வரி ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், ரத்தை எதிர்ப்பதையும் உங்கள் பதிலில் தனியாகக் கேட்க வேண்டும். இல்லையென்றால் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிடாதீர்கள். கோபத்தில் பிரீமியம் கட்டாமல் விட்டால் சேர்த்துவைத்த மாதங்கள் எல்லாம் போய்விடும்.

இந்த நிபந்தனையின் கீழே சிறிய எழுத்தில் ஒரு விளக்கம் இருக்கும். முக்கிய உண்மை என்றால் முன்மொழிவுப் படிவத்திலும் அதைச் சார்ந்த ஆவணங்களிலும் நிறுவனம் கேட்ட தகவல் என்று அது சொல்லும். கேட்டது என்ன என்பதைப் படிவத்தில் பாருங்கள். 'கடந்த நான்கு ஆண்டுகளில் ரத்த அழுத்தத்துக்குச் சிகிச்சை பெற்றீர்களா' என்று கேட்டு, 'இல்லை' என்று டிக் செய்திருந்தால், அது பொய்யா என்பது மீண்டும் அந்த 2023 மருந்துச் சீட்டில்தான் வந்து நிற்கிறது. கேள்வியே தெளிவில்லாமல் இருந்தாலோ, கட்டம் காலியாக இருந்தும் நிறுவனம் பாலிசி தந்திருந்தாலோ, அதைச் சுருக்கத்தில் எழுதுங்கள்.

இந்தக் கடமைக்கு ஒரு காலவரம்பு உண்டு. இடைவெளியின்றி 60 மாதம் காப்பீடு ஓடிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலன்றி, தெரிவிக்கவில்லை என்ற காரணத்தைச் சொல்லி நிறுவனம் எதையும் மறுக்க முடியாது. 2024 வரை இது எட்டு ஆண்டாக இருந்தது. அச்சகக்காரருக்கு இந்தப் பாதுகாப்பு 2026 நவம்பரில்தான் கிடைக்கும். இந்த கிளைமுக்கு உதவாது. பொருந்தாத விதியைப் பதிலில் சேர்த்தால், பொருந்தும் வாதத்தின் மதிப்பும் குறையும்.

உண்மையிலேயே நோய் இருந்திருந்தால்

2020-லேயே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், படிவத்தில் எழுதவில்லை என்றால் நிலைமை வேறு. தேதி மாற்றிய சான்று வாங்கித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். இன்றைக்கு 'தெரிவிக்காதது' என்ற அளவில் இருக்கும் குற்றச்சாட்டு, அதோடு மோசடியாகிவிடும். நேர்மையாக மிஞ்சுவது இரண்டே வழிகள். ஒன்று, முகவரிடம் சொல்லியும் அவர் எழுதவில்லை என்பதற்கு ஏதாவது எழுத்துச் சான்று, அதாவது ஒரு குறுஞ்செய்தியாவது இருப்பது. இரண்டாவது, சிகிச்சை பெற்ற நோய்க்கும் மறைக்கப்பட்ட நோய்க்கும் தொடர்பில்லை என்பது. பித்தப்பைக் கல் அறுவைக்கு ரத்த அழுத்தத்தைக் காட்டி மறுத்தால் இந்த வாதத்துக்கு உயிர் உண்டு. இதய அடைப்புக்கு இதைச் சொல்லிப் பயனில்லை. ரத்த அழுத்தம் இதய நோய்க்கு நேரடிக் காரணிகளில் ஒன்று.

கிளைம் நிபந்தனைகள்

இவற்றை விலக்குகளோடு கலந்துவிடக் கூடாது. விலக்கு என்பது நிறுவனம் பொறுப்பேற்காத செலவு. கிளைம் நிபந்தனை என்பது நீங்கள் செய்ய வேண்டிய வேலை: அவசரச் சேர்ப்பை இத்தனை மணி நேரத்தில் தெரிவிப்பது, டிஸ்சார்ஜ் ஆன இத்தனை நாளில் ரசீதுகளை அனுப்புவது. நாள் எண்ணிக்கை பாலிசிக்குப் பாலிசி மாறும். அவற்றை இரண்டு வரியில் குறித்து, நீங்கள் செய்த தேதியை எதிரே எழுதினால் போதும். தாமதம் ஆகியிருந்தாலும் அது மட்டுமே கிளைமை இழக்கக் காரணம் ஆகாது. தவிர்க்க முடியாத காரணத்தால் நேர்ந்த தாமதத்தைக் காட்டி, இயந்திரத்தனமாக கிளைமை மறுக்கக் கூடாது என்று 2011 செப்டம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கையில் ஆணையம் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது.

அந்த ஒரு பக்கம்

இப்போது எழுதலாம். மேலே பாலிசி எண், கிளைம் எண், மறுப்புக் கடிதத்தின் தேதி. அதற்குக் கீழே அச்சகக்காரரின் பக்கம் இப்படி இருக்கும்:

> காரணம் 1: Excl01. காத்திருப்புக் காலம் 36 மாதம். சேர்ப்பு நாளில் 39 மாதம் முடிந்துவிட்டது (ஷெட்யூல், இணைப்பு 1). எனவே எஞ்சுவது நான்காம் உட்பிரிவு மட்டுமே. அது பொருந்த வேண்டுமானால், பாலிசி தொடங்கும் முன் மருத்துவர் நோயைக் கண்டறிந்திருக்க வேண்டும் அல்லது சிகிச்சைக்குப் பரிந்துரைத்திருக்க வேண்டும் (வரையறைப் பகுதி). முதல் கண்டறிதல் 2023 பிப்ரவரி 11 (இணைப்பு 2, 3). டிஸ்சார்ஜ் சம்மரியின் 'ஐந்து ஆண்டு' என்பது உடனிருந்தவர் கூற்று. அவசரப் பிரிவுக் குறிப்பில் 'இரண்டு ஆண்டு' என்றே உள்ளது (இணைப்பு 4, 5).
>
> காரணம் 2: தெரிவிக்கும் கடமை. படிவத்தில் கேட்ட கேள்விக்கு 2021-இல் தந்த 'இல்லை' என்ற பதில் உண்மையானது (இணைப்பு 6). பாலிசிக்கு முன் ரத்த அழுத்தம் இருந்ததற்கு நிறுவனத்திடம் வேறு சான்று இருந்தால் அதன் நகலைத் தரவும்.
>
> கோருவது: 2,84,600 ரூபாய், தாமதத்துக்கான வட்டியுடன்.

இதில் புலம்பல் இல்லை, "பத்து வருட வாடிக்கையாளர்" போன்ற உறவுமுறை இல்லை என்பதைப் பாருங்கள். இரண்டாம் காரணத்தின் கடைசி வாக்கியத்தில் சான்று கேட்பதை விட்டுவிடாதீர்கள். நிறுவனம் அதற்குப் பதில் சொல்லாமல் இருப்பதும் பின்னால் உங்களுக்கு ஆதாரம்தான்.

எங்கே அனுப்புவது

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு. அவர் பெயரும் மின்னஞ்சலும் பாலிசியின் பின்பக்கங்களில் இருக்கும். அதே நாளில் ஆணையத்தின் bimabharosa.irdai.gov.in புகார் தளத்திலும் பதிவு செய்தால் புகாருக்கு எண் கிடைக்கும். பொதுவாக இரண்டு வாரத்துக்குள் பதில் வர வேண்டும்.

பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு மாதம் ஆகியும் பதிலே வராவிட்டாலோ, இத்தகைய புகார்களை விசாரித்துத் தீர்ப்பு தரும் காப்பீட்டு ஆம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கு அலுவலகம் சென்னையில் இருக்கிறது, cioins.co.in தளம் வழியாகவும் புகார் தரலாம். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை, அனுமதியும் இல்லை. ஆம்பட்ஸ்மன் தரும் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஏற்பில்லையென்றால் நீங்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே வரம்பு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. ஆனால் ஒரே புகாரை இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நடத்த முடியாது.

ஆம்பட்ஸ்மன் விசாரணை பல நேரங்களில் காணொளியில்தான் நடக்கும், பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். அந்த ஒரு பக்கத்தை முன்னால் வைத்துக்கொண்டு, இணைப்பு எண்ணைச் சொல்லிச் சொல்லிப் பேசுங்கள். மனைவி சொன்ன 'நாலைந்து வருஷம்' பற்றி நிச்சயம் கேட்பார்கள். அந்த இரவில் அவர் அப்படிச் சொன்னதை மறுக்காமல், ஒப்புக்கொண்டு, 2023 மருந்துச் சீட்டை எடுத்துக் காட்டுங்கள்.